டேட்டா இன்ஜினியர் ரெஸ்யூமேயில் எண்களை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: மூன்றரை வருடமாக டேட்டா இன்ஜினியராக இருக்கிறேன். ரெஸ்யூமேயில் "ஏர்ஃப்ளோ, டிபிடி, ஸ்னோஃப்ளேக் கொண்டு பைப்லைன்கள் உருவாக்கினேன், பராமரித்தேன்" என்றுதான் இருக்கிறது. எண்கள் போடு என்கிறார்கள். எந்த எண்? எங்கிருந்து எடுப்பது? எங்கள் டேட்டாவும் அப்படியொன்றும் பெரிதில்லை.

பதில்:

எண் போடு என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். "செலவை 60% குறைத்தேன்" என்ற வரியைப் படிக்கும் டீம் லீடுக்கு உடனே மூன்று கேள்வி வரும். எதிலிருந்து 60%? எதை மாற்றியதால்? அதற்கு விலையாக எதை விட்டுக்கொடுத்தீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அந்த எண் ரெஸ்யூமேயில் இருக்கலாம். அதனால் எல்லா பைப்லைன்களுக்கும் எண் தேடி அலையாதீர்கள். நீங்கள் உள்ளும் புறமும் அறிந்த ஒரே ஒரு பைப்லைனை எடுத்து அதன் கணக்கை முழுமையாகப் போடுங்கள். மற்றவை ஒரு வரி, இரண்டு வரியோடு போகட்டும்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். `orders_daily` என்று ஒரு பைப்லைன். விற்பனை டேட்டாபேஸிலிருந்து ஆர்டர்களை எடுத்து ஸ்னோஃப்ளேக்கில் ஏற்றுகிறது. இரவு 2 மணிக்குத் தொடங்கும், காலை 7 மணிக்குள் ரிப்போர்ட் தயாராக இருக்க வேண்டும். டேபிளில் 40 கோடி வரிசைகள். முன்பு ஒவ்வொரு இரவும் மொத்த டேபிளையும் திரும்பக் கட்டினார்கள், அதற்கு 4 மணி 40 நிமிடம் ஆனது. நீங்கள் அதை டிபிடி இன்கிரிமென்டல் மாடலாக மாற்றினீர்கள். கடைசி 3 நாட்களில் `updated_at` மாறிய வரிசைகளை மட்டும் எடுத்து மெர்ஜ் செய்கிறது, 35 நிமிடத்தில் முடிகிறது. வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு இரவில் மட்டும், பழையபடி முழு லோடு ஓடுகிறது.

முதலில் அளவு. இங்கே பலர் தடுமாறுகிறார்கள், உங்களுக்கும் அந்தக் கூச்சம் இருக்கிறது போலிருக்கிறது. அளவு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு தனித்தனி எண்கள் இருக்கின்றன: சேர்ந்து கிடப்பது எவ்வளவு, ஒரு நாளில் ஓடுவது எவ்வளவு. நம் உதாரணத்தில் கிடப்பது 40 கோடி வரிசை, ஒரு நாளில் மாறுவது 12 லட்சம் வரிசை. ஒரு வரிசை சராசரியாக 1.5 கிலோபைட் என்றால் நாளுக்கு 1.8 ஜிகாபைட்தான். சின்ன எண்தான், எழுதுங்கள். அந்த 12 லட்சத்தைப் பிடிக்கத்தான் 40 கோடியையும் தினமும் புரட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் மையம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், செய்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பது ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் புரிந்துவிடும்.

பெரிய எண்ணைக் கடன் வாங்குவதுதான் ஆபத்து. கம்பெனியின் மொத்த லேக் பல பெட்டாபைட் இருக்கலாம், அதில் உங்கள் கை பட்டது இரண்டு டேபிளாக இருக்கலாம். "பெட்டாபைட் அளவிலான தளத்தில் பணியாற்றினேன்" என்ற வரி பொய்யில்லைதான், ஆனால் நேர்காணலில் முதல் கேள்வி அங்கேதான் விழும். "காஃப்கா வழியாக நாளுக்கு 5 டெராபைட்" என்று எழுதியவரிடம் எதிரே இருப்பவர் மனக்கணக்குப் போடுவார்: ஒரு நாளைக்கு 86,400 விநாடி, அப்படியென்றால் சராசரியாக விநாடிக்கு 58 மெகாபைட், ஒரு செய்தி 1 கிலோபைட் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 58,000 செய்திகள். சரி, எத்தனை பார்ட்டிஷன் வைத்திருந்தீர்கள், உச்ச நேரத்தில் கன்ஸ்யூமர் எவ்வளவு பின்தங்கியது என்று கேட்பார். உண்மையில் அதை ஓட்டியவருக்கு இந்தப் பதில்கள் நாக்கு நுனியில் இருக்கும். இல்லாதவர் மாட்டிக்கொள்வார்.

அடுத்து வேகமும் செலவும். இவற்றைத் தனித்தனி சாதனைகளாக எழுதுவது வழக்கம், ஆனால் பெரும்பாலும் இரண்டும் ஒரே மாற்றத்தின் விளைவுதான். ஸ்னோஃப்ளேக்கில் மீடியம் வேர்ஹவுஸ் மணிக்கு 4 கிரெடிட் எடுக்கும். 4 மணி 40 நிமிடத்துக்கு 18.67 கிரெடிட், மாதம் 30 இரவுக்கு 560. மாற்றிய பிறகு 35 நிமிட ஓட்டத்துக்கு 2.33 கிரெடிட். இங்கே ஆசை வரும்: 18.67 எங்கே, 2.33 எங்கே, 87.5% குறைத்தேன் என்று எழுதிவிடலாம் என்று. எழுதாதீர்கள். ஞாயிறு முழு லோடு இன்னும் ஓடுகிறதே! மாதத்தில் 26 இரவுக்கு 61 கிரெடிட், 4 முழு லோடுக்கு 75, மொத்தம் 136 வரும். 560-லிருந்து 136 என்றால் 76% குறைவு. பில்லில் தெரிவது இந்த 76%தான். 87.5% என்பது ஒரு சாதாரண இரவின் ஓட்ட நேரம் குறைந்த அளவு. இரண்டும் உண்மை, ஆனால் நேரத்தின் எண்ணைச் செலவின் இடத்தில் வைத்தால் நேர்காணலில் உங்கள் கணக்கே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

மேலே போட்டது காகிதக் கணக்கு. வேர்ஹவுஸ் வேலை முடிந்த பிறகும் தானாக அணையும்வரை கிரெடிட் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அது இதில் இல்லை. அசல் எண் இங்கே கிடைக்கும்:

```sql
SELECT date_trunc('month', start_time) AS mon,
       sum(credits_used) AS credits
FROM snowflake.account_usage.warehouse_metering_history
WHERE warehouse_name = 'TRANSFORM_WH'
GROUP BY 1 ORDER BY 1;
```

இதில் ஒரு பிடி இருக்கிறது. அந்த வேர்ஹவுஸில் வேறு டீமின் வேலைகளும் ஓடினால் இந்த எண் உங்களுடையது மட்டுமல்ல. அப்போது "வேர்ஹவுஸ் செலவு" என்று எழுதாமல் "இந்த பைப்லைனின் ஓட்ட நேரம்" என்று எழுதுவதுதான் நியாயம். இன்னொன்று, அதே காலத்தில் டேட்டா வளர்ந்திருக்கலாம். 6 மாதத்தில் ஆர்டர்கள் 30% கூடியும் பில் ஏறாமல் இருந்தால் அதுவும் சாதனைதான். வெறும் பில்லைப் பார்த்தால் அது தெரியாது, ஒரு கோடி வரிசைக்கு எவ்வளவு கிரெடிட் என்று வகுத்துப் பார்த்தால் தெரியும்.

பிக்குவெரியில் வேலை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஆன்-டிமாண்ட் முறையில் எத்தனை பைட் வாசிக்கப்பட்டது என்பதற்குத்தான் பணம், எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்கல்ல. அங்கே ஓட்ட நேரம் பாதியானது என்று சொன்னால் செலவும் பாதியானது என்று ஆகாது. தேதி வாரியாகப் பார்ட்டிஷன் செய்து, குவெரி ஒரு நாளின் பார்ட்டிஷனை மட்டும் வாசிக்கும்படி ஆக்கினால் செலவு விழும். அதனால் எழுதவேண்டிய எண்ணும் வாசித்த பைட்டுகள்தான்.

இப்போது நம்பகத்தன்மை. ரெஸ்யூமேக்களில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். "99.9% நம்பகத்தன்மை" என்ற வரி கண்ணை உறுத்துகிறது. தினம் ஒரு முறை ஓடும் பைப்லைன் வருடத்துக்கு 365 முறை ஓடும். அதில் ஒரே ஒரு முறை தவறினாலே 99.73% ஆகிவிடும். அப்படியென்றால் 99.9% என்று எழுதுபவர் வருடம் முழுக்க ஒரு முறைகூடத் தவறவில்லை என்கிறார், இல்லையென்றால் எங்கேயோ பார்த்த எண்ணை ஒட்டியிருக்கிறார். தினசரி பைப்லைனுக்குச் சதவீதமே வேண்டாம். நாட்களை எண்ணுங்கள்: ஒரு காலாண்டில் எத்தனை காலை ரிப்போர்ட் தாமதமானது?

இதை ஏர்ஃப்ளோவில் எண்ணும்போது ஒரு பொறி உண்டு. தோற்றுப்போன டாஸ்க்கை நாம் கிளியர் செய்து மறுபடி ஓட்டி அது ஜெயித்தால், அந்த ரன்னின் நிலை `success` என்று மாறிவிடும். ஆக `state` மதிப்பை மட்டும் எண்ணினால், காலை முழுக்க உட்கார்ந்து சரிசெய்த நாட்களெல்லாம் பச்சையாகவே தெரியும். அதற்குப் பதிலாக, முடிந்த நேரத்தைப் பாருங்கள்:

```sql
SELECT date_trunc('month', data_interval_end) AS mon,
       count(*) AS runs,
       sum(CASE WHEN state = 'failed'
             OR end_date > data_interval_end + interval '5 hours'
           THEN 1 ELSE 0 END) AS late
FROM dag_run
WHERE dag_id = 'orders_daily'
  AND run_type = 'scheduled'
GROUP BY 1 ORDER BY 1;
```

2 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடிய வேண்டும் என்பதால் 5 மணி நேரம். ஏர்ஃப்ளோ நேரத்தை யூடிசியில் வைத்திருக்கும், ஆனால் நாம் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் நேர மண்டலக் குழப்பம் வராது. மாதங்கள் கழித்து யாராவது பழைய ரன்னைக் கிளியர் செய்து மறுபடி ஓட்டியிருந்தால் அது பல நாள் தாமதம்போலத் தெரியும். அவற்றைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிடுங்கள்.

சரி, நம் உதாரணத்தில் மாற்றத்துக்கு முந்தைய 90 நாளில் 14 தாமதம், பிந்தைய 90 நாளில் 2 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இத்தோடு நிறுத்தாமல் அந்த 14-ஐப் பிரித்துப் பாருங்கள். 9 நாள் லோடு பாதியில் விழுந்து மறுபடி ஓட்டவேண்டி வந்தது. 5 நாள் மூல டேட்டாபேஸே தாமதமாகத் தயாரானது. ஏன் இத்தனை? 2 மணிக்குத் தொடங்கி 4 மணி 40 நிமிடம் ஓடினால் 6:40 ஆகிவிடுகிறது, கெடுவுக்கு மிச்சம் 20 நிமிடம்தான். எது சறுக்கினாலும் தாமதம்தான். 35 நிமிடத்தில் முடியும்போது ஒரு முறை விழுந்தாலும், இரண்டு முறை விழுந்தாலும், தானாக மறுபடி ஓடி முடிக்க நேரம் இருக்கிறது. மூல டேட்டாபேஸ் இரண்டு மணி நேரம் தாமதித்தாலும் தாங்கும். மிச்சமுள்ள 2 தாமதமும் மூல டேட்டாபேஸ் விடிந்தபிறகே தயாரான நாட்கள், அதை இந்தப் பக்கத்திலிருந்து யாராலும் சரிசெய்ய முடியாது.

இங்கேதான் ஒரு நல்ல ரெஸ்யூமே வரி பிறக்கிறது. வேகம், செலவு, நம்பகத்தன்மை மூன்றும் ஒரே முடிவிலிருந்து வந்தவை என்பது தெரிகிறது. மறுபடி ஓட்டினால் வரிசைகள் இரட்டிக்கக் கூடாது என்பதற்காக மெர்ஜை ஆர்டர் எண்ணின் மேல் வைத்தது, 3 நாள் பின்னோக்கிப் பார்ப்பது தாமதமாக வரும் மாற்றங்களுக்காக என்பது, இவையெல்லாம் அந்த முடிவின் உள்விவரங்கள். ஒன்றோ இரண்டோ வரியில் வந்தால் போதும், மற்றவை கேட்கும்போது சொல்ல.

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே விஷயத்தைத் தமிழில் எழுதிக்காட்டுகிறேன். நம் பைப்லைனுக்கு மூன்று வரி:

> 40 கோடி வரிசை ஆர்டர் டேபிளின் தினசரி முழு லோடை (நாளுக்கு மாறுவது 12 லட்சம் வரிசை) டிபிடி இன்கிரிமென்டல் மெர்ஜாக மாற்றினேன். சாதாரண இரவின் ஓட்டம் 4 மணி 40 நிமிடத்திலிருந்து 35 நிமிடம்.
>
> ஸ்னோஃப்ளேக்கில் இந்த பைப்லைனின் மாதச் செலவு சுமார் 560 கிரெடிட்டிலிருந்து 136. மூலத்தில் அழிக்கப்படும் வரிசைகளைப் பிடிக்க வாராந்தர முழு லோடை வைத்துக்கொண்டது உட்பட.
>
> காலை 7 மணிக் கெடு தவறிய நாட்கள் காலாண்டுக்கு 14-லிருந்து 2. மிச்சமுள்ளவை இரண்டும் மூல டேட்டாபேஸின் தாமதம்.

இரண்டாவது வரியின் பின்பாதியைக் கவனியுங்கள். `updated_at` மாற்றங்களைக் காட்டும், ஆனால் மூலத்தில் ஒரு வரிசையை அடியோடு அழித்துவிட்டால் அதைக் காட்ட எதுவும் மிஞ்சாது. அதற்குத்தான் ஞாயிறு முழு லோடு. இதை ரெஸ்யூமேயிலேயே சொன்னவர் இன்கிரிமென்டல் லோடின் ஓட்டையைத் தெரிந்தே வேலை செய்திருக்கிறார் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். நேர்காணலில் கேள்வியும் நீங்கள் விரும்பும் பக்கம் திரும்பும்: சிடிசி லாக் மூலம் அழிப்புகளைப் பிடித்திருந்தால் முழு லோடே வேண்டாமே, ஏன் செய்யவில்லை? அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். மூல டேட்டாபேஸின் லாகைத் தொட அனுமதி இல்லை என்பதும் முழுமையான பதில்தான்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வரியில் பட்டியல் வேண்டும், ஏனென்றால் வேலைக்கு ஆள் தேடுபவர்கள் அந்தப் பெயர்களை வைத்துத்தான் தேடுவார்கள். விளம்பரத்தில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் எழுதுங்கள். ஆனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் கீழே ஏதாவது ஒரு வேலை வரியில் மறுபடி வர வேண்டும். காஃப்கா பட்டியலில் மட்டும் இருந்து எந்த வரியிலும் வரவில்லை என்றால், ஒரு பயிற்சிக் காணொளி பார்த்தார் போல என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஸ்னோஃப்ளேக் என்று மொட்டையாக எழுதுவதைவிட அதில் என்ன செய்தீர்கள் என்பது முக்கியம்: கிளஸ்டரிங் கீயை மாற்றினீர்களா, வேர்ஹவுஸ்களை வேலை வாரியாகப் பிரித்தீர்களா, அணையும் நேரத்தைக் குறைத்தீர்களா? கடைசியாகச் சொன்னது இரண்டு நிமிட வேலை, பல இடங்களில் நல்ல சேமிப்பும் தரும். ஆனால் அதை மட்டும் பெரிய சாதனையாக எழுதினால் சிரிப்பார்கள்.

அப்புறம், எண்களை எப்போது எடுப்பது என்பது. இப்போதே எடுங்கள். ஸ்னோஃப்ளேக்கின் `account_usage` வரலாறு ஒரு வருடம்தான் இருக்கும். பிக்குவெரியின் `INFORMATION_SCHEMA.JOBS` 180 நாள். ஏர்ஃப்ளோவில் யாராவது `airflow db clean` ஓட்டினால் பழைய ரன்கள் போய்விடும். மாற்றத்துக்கு முந்தைய நிலை இவற்றில்தான் இருக்கிறது, அது போனால் ஒப்பிட ஒன்றுமில்லை. எடுத்துக்கொள்வது தொகுத்த எண்களாக மட்டும் இருக்கட்டும். குவெரி முடிவுக் கோப்பையோ டாஷ்போர்டின் படத்தையோ கம்பெனிக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். மொத்தப் பணத் தொகையையும் எழுத வேண்டாம், கம்பெனியின் ஒப்பந்த விலை அதில் தெரிந்துவிடும். கிரெடிட் அல்லது சதவீதம் போதும். கிரெடிட் அளவையும் வெளியே சொல்லக் கூடாது என்று உங்கள் இடத்தில் விதி இருந்தால் சதவீதம் மட்டும். வெளிநாட்டு வேலைக்கு அனுப்பினால் கோடி, லட்சம் வேண்டாம், மில்லியனில் எழுதுங்கள்: 40 கோடி என்பது 400 மில்லியன், 12 லட்சம் என்பது 1.2 மில்லியன்.

பழைய வேலையின் எண்கள் கையில் இல்லையென்றால் கற்பனை செய்யாதீர்கள். அளக்காமலே நிச்சயமாகத் தெரிந்த விஷயங்கள் எப்படியும் சில இருக்கும்: எத்தனை மூலங்களிலிருந்து டேட்டா வந்தது, எத்தனை மணிக்கு ஒரு முறை ஓடியது, கெடு எப்போது, யார் அதை நம்பியிருந்தார்கள், விழுந்தால் இரவில் யாருக்கு அழைப்பு வரும். "6 மூலங்கள், மணிக்கு ஒரு முறை, நிதிப் பிரிவின் மாதக் கணக்கு முடிப்பு இதை நம்பி, இரவுப் பணிச் சுழற்சியில் இருந்தேன்" என்ற வரியில் முன்னேற்றச் சதவீதம் எதுவுமில்லை. இருந்தும் இதை எழுதியவர் அந்த பைப்லைனோடு உண்மையில் வாழ்ந்திருக்கிறார் என்று தெரிகிறது. நினைவிலிருக்கும் நேர அளவுகளுக்குச் "சுமார்" போட்டு எழுதலாம், சுமார் 3 மணி நேரத்திலிருந்து ஒரு மணிக்குள் என்று. தசமப் புள்ளி வரை போகாதீர்கள், நினைவிலிருந்து எழுதியதில் தசமம் வந்தாலே சந்தேகம்தான் வரும்.